ஓரக்குறிப்பில் கேட்கப்படும் கேள்வி: பிறர் பிரதியைத் திருத்துவதன் எல்லை குறித்து

சென்ற பருவத் தேர்வுக் காலத்தில் ஓர் இரவு, பெங்களூரின் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எழுபது பக்கப் புராஜெக்ட் அறிக்கை. "அக்கா, இங்கிலீஷ் மட்டும் சரி பண்ணிக் குடுங்க. அப்புறம் அந்தப் பர்சன்டேஜ் பத்துக்குக் கீழ வந்துட்டாப் போதும். நாளன்னைக்கு பைண்டிங் குடுக்கணும்" என்றார். அவர் ஒரே மூச்சில் கேட்டது இரண்டு வேலைகள். முதலாவது என் வேலை. இரண்டாவதை நான் செய்வதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றிரவு அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன். என்னைப் போல ஆய்வுக்கிடையே மெய்ப்புப் பார்த்துப் பொருளீட்டும் நண்பர்களும், பிரதியை ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்க எண்ணும் மாணவர்களும், அவர்களது நெறியாளர்களும் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்.

முதலில் அந்தப் பத்து விழுக்காடு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகளிலிருந்து வந்த எண் அது. ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை எனில், ஆறு மாதத்திற்கு மிகாத கால எல்லைக்குள் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை எனில், ஓராண்டுக்குத் திருத்திய பிரதியை அளிக்க இயலாது. அறுபதையும் தாண்டினால் பதிவே இரத்தாகும். இந்த அளவுகளை எல்லோரும் அறிவர். அதே ஆவணத்தின் வரையறைப் பகுதியைப் படித்தவர்கள் குறைவு. இவ்விதிகள் பொருந்தும் 'பிரதி' எது என்று அங்கு சொல்லப்பட்டிருக்கிறது: முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்காக அளிக்கப்படும் ஆய்வேடுகள், ஆய்வுக் கட்டுரைகள், நூல்கள் முதலியன. பயிற்சிக் கட்டுரைகளும் புராஜெக்ட் அறிக்கைகளும் விடைத்தாள்களும் அவ்வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. ஓர் இளநிலை மாணவரின் புராஜெக்ட் அறிக்கைக்குக் கல்லூரி தானாக ஓர் எல்லையை வைக்கலாம். பல கல்லூரிகள் வைக்கின்றன. ஆனால் அது கல்லூரியின் விதி. அதைக் குறித்துத் துறையில் கேட்கலாம், பேசலாம், காரணம் காட்டலாம். அரசாணையைக் கண்டதுபோல் மாணவர் அஞ்சத் தேவையில்லை.

அதே விதிகள் ஒப்புமைக் கணக்கில் எவற்றைச் சேர்க்கக் கூடாது என்றும் கூறுகின்றன. முறையாகச் சுட்டப்பட்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுக் கலைச்சொற்கள், சட்டங்கள், நிலைபெற்ற குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவற்றை விலக்க வேண்டும். இவற்றோடு, தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களுக்காகத் தொடர்ந்து பதினான்கு சொற்கள் வரை விலக்கு உண்டு. மென்பொருளில் இந்த விலக்குகளை நாம்தான் அமைக்க வேண்டும். என்னிடம் வந்த அம்மாணவரின் அறிக்கை 34 விழுக்காடு காட்டியது. அந்த ஒப்புமை அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது நிறம் பூசப்பட்டிருந்த இடங்களில் பெரும்பகுதி மூன்றே இடங்களில் குவிந்திருந்தது: கல்லூரி கொடுத்த சான்றிதழ்ப் பக்கமும் உறுதிமொழியும், துணைநூற்பட்டியல், கான்கிரீட் கனசதுரத்தைச் சோதிக்கும் முறையை விவரிக்கும் பகுதி. முதலிரண்டும் கணக்கில் வரவே கூடாதவை. மூன்றாவது, இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 516 சொல்லும் சோதனை முறை. அதை நாடெங்கும் எல்லா மாணவர்களும் ஏறக்குறைய ஒரே சொற்களில்தான் எழுதுவார்கள். எந்தத் தரக்குறியீட்டின்படி செய்தோம் என்று ஒரு வரியில் சுட்டிவிட்டு, தாம் செய்ததில் மாறுபட்டவற்றை மட்டும் எழுதினால் அப்பகுதி இரண்டு பக்கத்திலிருந்து அரைப் பக்கமாகும். அப்படிச் சுருக்க வேண்டியது அவர்தான். அதை அவரே செய்தார்.

இதற்கு மாறாக, கல்லூரி வாசல்களில் நகலெடுக்கும் கடைகளையொட்டி நடக்கும் 'பர்சன்டேஜ் குறைக்கும்' தொழில் என்ன செய்கிறது? சொல்லுக்குச் சொல் மாற்றுகிறது. கலைச்சொல்லுக்கு ஒருபொருட்பன்மொழி கிடையாது என்பதை அது அறியாது. அழுத்த வலிமை என்பதைக் குறிக்கும் 'கம்ப்ரெஸிவ் ஸ்ட்ரெங்த்' அங்கே 'ஸ்குவீசிங் பவர்' ஆகிவிடும். இது கேலிக்காகச் சொல்வதன்று. 2021-இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகசீனோவ் ஆகியோர், அச்சேறிய ஆய்விதழ்களிலேயே இப்படிச் சிதைந்த தொடர்கள் மலிந்திருப்பதை எடுத்துக்காட்டினர். அவற்றுக்குச் 'சித்திரவதைக்குள்ளான தொடர்கள்' என்றே பெயரிட்டனர். பெருந்தரவு என்பது 'பிரம்மாண்டத் தகவல்' என்ற பொருளில் மாறியிருந்தது. மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சின் ஆபத்து' ஆகியிருந்தது. எண்ணைக் குறைக்கச் சொல்லைக் கொன்றதன் அடையாளங்கள் இவை. களவாடிய வாக்கியத்தை இப்படி மாற்றினால் களவு மறைகிறது, அவ்வளவே. களவாடாத வாக்கியத்தை மாற்றினாலோ, மாணவர் உண்மையாகச் செய்த வேலையின் பொருள் கெடுகிறது.

ஆகவே அந்த இரண்டாம் வேலையை விட்டுவிட்டு, முதலாவதற்கு வருகிறேன். 'இங்கிலீஷ் மட்டும்' என்று அம்மாணவர் சொன்னாரே, அந்த 'மட்டும்' எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதே என் பேச்சு.

மொழியியல் படித்தவர் பிறர் மொழியைத் திருத்துவதில் ஒரு முரண் உண்டு. முதுகலை வகுப்பின் முதல் வாரத்திலேயே, எந்த வழக்கும் பிழையன்று, அதற்கு இலக்கணம் உண்டு என்று நமக்குக் கற்பிக்கிறார்கள். பிரஜ் கச்ரு போன்றோர் இந்திய ஆங்கிலத்தைத் தனக்கென விதிகள் கொண்ட ஒரு வழக்காகவே ஆராய்ந்தார்கள். நம்மவர் 'ஒன்லி' என்ற சொல்லை வாக்கிய இறுதியில் இடுவது நம் '-தான்', '-ஏ' ஆகிய இடைச்சொற்களின் நிழல் என்பதை நான் அறிவேன். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை 'ப்ரீபோன்' என்பது நமக்குத் தேவையான சொல் என்பதையும் அறிவேன். பிறகு எதை வைத்துச் சிவப்பு மையைத் தொடுவது? 'இலண்டனில் இப்படிச் சொல்வார்களா' என்ற கேள்வியை நான் கைவிட்டுப் பல காலமாயிற்று. 'இதைப் படிப்பவர் எழுதியவர் எண்ணாத ஒன்றைப் புரிந்துகொள்வாரா' என்பதே நான் கேட்கும் கேள்வி. புரிந்துகொள்ள மாட்டார் எனில், வாக்கியம் சற்று நொண்டினாலும் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். புரிந்துகொள்வார் எனில், அது எவ்வளவு இலக்கண சுத்தமாக இருந்தாலும் நிறுத்துகிறேன்.

அம்மாணவரின் அறிக்கையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஜி.ஜி.பி.எஸ். என்று வழங்கும் இரும்பு உலைக் கசடுத் தூளைச் சேர்த்து, எம் 25 தரக் கான்கிரீட்டின் வலிமை எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவர் ஆய்வு. நான்காம் அத்தியாயத்தில், சிமென்ட்டின் அளவு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்று இருந்தது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எழுத்துப்பிழை காட்டும் எந்தச் செயலியும் அதைத் தொடாது. ஆனால் ஒரு கன மீட்டருக்கு மொத்தப் பிணைப்புப் பொருள் 400 கிலோ என்று கலவை அட்டவணை சொல்கிறது. 30 விழுக்காடாகக் குறைத்தால் மிஞ்சுவது 120 கிலோ சிமென்ட். 30 விழுக்காடு குறைத்தால் மிஞ்சுவது 280 கிலோ. அட்டவணையில் சிமென்ட் 280, கசடுத் தூள் 120 என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'பை' வர வேண்டிய இடத்தில் 'டு' வந்திருந்தது.

இப்பிழை ஏன் வருகிறது என்பது மொழியியல் மாணவருக்குச் சுவையானது. தமிழில் நாம் இதில் தடுமாறுவதே இல்லை. '30 சதவீதம் குறைந்தது' வேறு; '30 சதவீதமாகக் குறைந்தது' வேறு. 'ஆக' என்ற ஒட்டு முடிவெல்லையைத் தெளிவாகக் காட்டிவிடும். கன்னடத்திலும் 'ரஷ்டு' என்றால் குறைந்த அளவு, 'க்கெ' என்ற நான்காம் வேற்றுமை வந்தால் சென்றடைந்த எல்லை. அம்மாணவருக்குத் தாய்மொழி தமிழ், படித்தது கன்னட நாட்டில். இரண்டு மொழியிலும் அவர் இதைத் தவறாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆங்கிலத்திலோ இந்த வேறுபாடு முழுவதும் ஒரு சிறு முன்னிடைச்சொல்லில் தொங்குகிறது. அந்த இடைச்சொற்களை நாம் பொருளால் அன்றிச் செவிப் பழக்கத்தால் கற்றிருக்கிறோம். எனவே விழுக்காட்டோடு வரும் ஒவ்வொரு 'பை', 'டு'வையும் நான் தனியாகத் தேடி, அட்டவணையோடு வைத்துப் பார்க்கிறேன். அம்மாணவரிடம், "இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள்" என்றேன். "முப்பது பர்சன்ட் கொறச்சோம்" என்றார். 'ஆக' வரவில்லை. ஐயம் தீர்ந்தது.

இனி, நான் இக்கட்டுரையை எழுதக் காரணமான இடம். முடிவுரையில் இப்படி ஒரு கருத்து இருந்தது: வலிமை 30 விழுக்காட்டுக் கலவையில் உச்சத்தை அடைகிறது, 40 விழுக்காட்டில் அது கசடுத் தூளே சேர்க்காத கலவையைவிடவும் தாழ்ந்துவிடுகிறது. வாக்கியம் நீளமாகவும் குழப்பமாகவும் இருந்தது. 'இங்கிலீஷ் மட்டும்' பார்ப்பவர் அதை இரண்டாக உடைத்து, வினைச்சொல்லை ஒழுங்குபடுத்தி, அழகாக்கிவிட்டு நகர்ந்திருப்பார். நான் எந்த வாக்கியத்தையும் மொழிக்காகத் தொடும் முன், முதல் வாசிப்பில் எண்களை மட்டும் பார்ப்பது வழக்கம். சுருக்கவுரை, உடல், அட்டவணை, படத்தின் தலைப்பு, முடிவுரை ஆகிய ஐந்து இடங்களிலும் ஒரே எண் ஒரே மதிப்போடு வருகிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு கலவைக்கும் மூன்று கனசதுரங்கள். 28-ஆம் நாள் வலிமையின் சராசரி, சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில். கசடுத் தூள் இல்லாத கலவைக்கு 31.6, முப்பது விழுக்காட்டுக்கு 34.9, நாற்பது விழுக்காட்டுக்கு 30.2.

முதலில் பட்டது சுருக்கவுரை. அங்கு வலிமை 12 விழுக்காடு உயர்ந்தது என்று இருந்தது. 31.6-இலிருந்து 34.9-க்கு உயர்வு 3.3, அது 10.4 விழுக்காடு. முடிவுரையில் சரியாக 10.4 என்றே இருந்தது. சுருக்கவுரை ஒரு பழைய வரைவிலிருந்து வந்திருக்க வேண்டும். அறிக்கைகளில் மிக அதிகமாக நான் காணும் பிழை இதுதான்: சுருக்கவுரையை முதலில் எழுதிவிடுகிறார்கள், முடிவுகள் மாறிய பிறகு அதற்குத் திரும்புவதில்லை.

அடுத்து நாற்பது விழுக்காட்டு வரிசை. மூன்று கனசதுரங்களின் மதிப்புகள் 24.1, 32.9, 33.6. கூட்டினால் 90.6, மூன்றால் வகுத்தால் 30.2. கணக்கு சரி. ஆனால் மூன்றில் ஒன்று மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. நான் கட்டடப் பொறியாளர் அல்லள், 24.1 இயல்பானதா என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. அதே அறிக்கையின் மூன்றாம் அத்தியாயம், ஐ.எஸ். 456-ஐச் சுட்டி, ஒரு தொகுதியின் தனி மதிப்பு எதுவும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று கூறியிருந்தது. 30.2-இலிருந்து 24.1-க்கு விலகல் 6.1, அது 20 விழுக்காடு. தாமே எழுதிய விதியைத் தம் அட்டவணையே மீறுகிறது என்று அறிக்கையே சாட்சி சொல்கிறது. அதைக் கேட்பதற்குத் துறை அறிவு வேண்டாம்; மூன்றாம் அத்தியாயத்தைப் படித்ததை ஐந்தாம் அத்தியாயத்தில் மறவாதிருந்தால் போதும்.

நான் எதையும் மாற்றவில்லை. ஓரத்தில் இவ்வாறு குறிப்பெழுதினேன்: 'அட்டவணை, 40 விழுக்காடு, முதல் மாதிரி: 24.1. இது சராசரியிலிருந்து 20 விழுக்காடு விலகுகிறது. மூன்றாம் அத்தியாயம் 15 விழுக்காட்டை எல்லையாகக் கூறுகிறது. மதிப்பைச் சரிபார்க்கவும். சரியெனில், விலகலைக் குறித்து ஒரு வரி எழுத வேண்டுமா என்று நெறியாளரிடம் கேட்கவும். முடிவுரையின் இரண்டாம் கருத்து இம்மதிப்பைச் சார்ந்திருக்கிறது.'

மறுநாள் அவர் ஆய்வகப் பதிவேட்டைப் பார்த்தார். கையெழுத்தில் 34.1 என்று இருந்தது. கணினியில் ஏற்றும்போது மூன்று இரண்டாகியிருந்தது; சராசரியைக் கணினியே கணக்கிட்டதால் எவருக்கும் ஐயம் எழவில்லை. 34.1-ஐ இட்டால் சராசரி 33.5. அதாவது நாற்பது விழுக்காட்டுக் கலவை முப்பது விழுக்காட்டைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் கசடுத் தூள் இல்லாத கலவையைவிட வலிமையானது. முடிவுரையின் இரண்டாம் கருத்து தலைகீழாயிற்று. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? கேட்காமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் அந்நூலகப் பிரதியைச் சுட்டி அதே தவற்றைத் தொடர்ந்திருப்பார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 24.1 தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று நான் அப்போதே ஊகித்தேன். 34.1 என்று நானே திருத்தியிருந்தால் விடை ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது ஒரு சோதனை முடிவை நான் இட்டுக்கட்டியதாகும். ஊகம் சரியாக அமைந்தது அதை நேர்மையாக்காது. இன்னொரு அறிக்கையில் அதே விலகல் உண்மையாகவே வெடிப்புற்ற கனசதுரத்தால் வந்திருக்கக் கூடும்.

இதனால் என் திருத்தங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் வகை, எவரும் மறுக்காதவை: எழுத்துப்பிழை, எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபின்மை, இருமுறை வந்த சொல், படத்தின் எண்வரிசை. இவற்றை மாற்றத் தடத்தை இயக்கிவிட்டு நேரே திருத்துகிறேன். இரண்டாம் வகை, பிரதியிலேயே சான்று உள்ளவை: மேலே சொன்ன 'பை', 'டு' போன்றவை. திருத்துகிறேன், ஆனால் எந்த அட்டவணையைக் கொண்டு திருத்தினேன் என்பதை ஓரத்தில் எழுதுகிறேன். மூன்றாம் வகை, சான்று பிரதிக்கு வெளியே உள்ளவை: அளவீடு, நேர்காணல் கூற்று, மேற்கோளின் சொற்கள், கருத்தின் வலு. இவற்றில் கேள்வி மட்டும். எழுபது பக்க அறிக்கையில் முதல் வகை சில நூறு வரும். மூன்றாம் வகை பதினைந்து இருபதுக்கு மேல் வருவதில்லை. மாணவர்கள் பக்கத்தில் எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்று பார்த்து என் உழைப்பை மதிப்பிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பதினைந்து கேள்விகளுக்குத்தான் அவர்கள் கொடுக்கும் பணம் தகும்.

சிறு தொழில் ஆவணங்களிலும் இதே பிரிவினை செல்லும். பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிகள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையின் உரிமையாளர், தம் கொட்டேஷனையும் கடிதத் தாளையும் 'நல்ல இங்கிலீஷில்' மாற்றித் தரக் கேட்டார். அவருடைய ஆங்கிலத்தில் எனக்குப் பெரிய குறை தோன்றவில்லை. 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' என்று முடித்திருந்தார், அவருடைய வாடிக்கையாளர்களுக்கு அது நன்கு புரியும், விட்டுவிட்டேன். நான் நிறுத்தியது மூன்று இடங்களில்.

முதலாவது, ஜி.எஸ்.டி. எண். அது பதினைந்து இலக்கமுடையது. முதல் இரண்டு மாநிலக் குறி, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து உரிமையாளரின் பான் எண். அதில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி எழுத்து. இந்த அமைப்பு தெரிந்தால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் வந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். அவருடைய தாளில் ஆங்கில 'ஓ' எழுத்து சுழியமாக அச்சாகியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் திருத்தவில்லை, பதிவுச் சான்றிதழின் படத்தை அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து அவரையே தட்டச்சிடச் சொன்னேன்.

இரண்டாவது, தொகை. 2,40,000 ரூபாய்க்கு 18 விழுக்காடு வரி 43,200; ஆக 2,83,200. எழுத்தால் எழுதியதோ இரண்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து முந்நூறு. பழைய கொட்டேஷனிலிருந்து வந்த வரி. காசோலையிலும் கடன் பத்திரத்திலும் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தால் உள்ளதே தொகை என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு கூறுகிறது. கொட்டேஷன் அவ்வகை ஆவணமன்று. எனினும் எழுத்தை நம்பும் பழக்கம் வணிகத்தில் பரவலானது. குறைந்த தொகையை வாங்குபவர் சுட்டிக்காட்டினால் தொள்ளாயிரம் ரூபாய்க்காக வழக்காட எவருக்கும் நேரமில்லை.

மூன்றாவதே பெரிது. 'பணம் 45 நாளுக்குள்' என்று இருந்தது. எந்த நாளிலிருந்து? ஆர்டர் வந்த நாளா, பொருள் சென்று சேர்ந்த நாளா, பில் போட்ட நாளா? வாக்கியத்தில் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மிகக் கூடாது. தாமதித்தால் 16-ஆம் பிரிவு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டியை விதிக்கிறது. அவ்வுரிமையைக் கோரும் நாளில், தொடக்க நாள் எதுவென்று ஆவணம் சொல்ல வேண்டும். இதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. 'எந்த நாளிலிருந்து?' என்று கேட்டு, கணக்காளரிடம் காட்டி முடிவு செய்யச் சொன்னேன். அவர், "மேடம், பத்து வருஷமா இதே ஃபார்மட்தான். ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல" என்றார். கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பணம் தாமதிக்க வேண்டியவர்களுக்கு அந்தத் தெளிவின்மை வசதியாக இருந்திருக்கிறது.

ஓரெழுத்து ஒரு நிறுவனத்தை என்ன செய்யும் என்பதற்கு வேல்ஸ் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 2009-இல் பிரிட்டனின் நிறுவனப் பதிவகம், 'டெய்லர் அண்டு சன்' என்ற நிறுவனம் கலைக்கப்படுவதை 'டெய்லர் அண்டு சன்ஸ்' என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. பின்னது கார்டிஃபில் நூறாண்டு கடந்த பொறியியல் நிறுவனம். கடன் கொடுத்தோரும் வாடிக்கையாளரும் விலக, அது உண்மையாகவே மூழ்கியது. 200-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். 2015-இல் உயர் நீதிமன்றம் பதிவகமே பொறுப்பு என்றது. பெயரையும் பதிவெண்ணையும் திருத்துபவர் தம் கையால் மாற்றலாகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டியதில்லை.

இறுதியாக, நம் பல்கலைக்கழகங்களிடம் ஒரு வேண்டுகோள். நகலெடுத்தலுக்கு விதி வகுத்தோம். பிறர் திருத்துதலுக்கு எல்லை வகுக்கவில்லை. அதனால் ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுத்ததையே மாணவர்கள் மறைக்கிறார்கள். மறைவில் செய்யப்படும்போது மெய்ப்பும் மறுஎழுத்தும் ஒரே விலையில் ஒரே கடையில் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தொழில்முறைப் பதிப்பாசிரியர் கழகம், பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் புலத் தலைவர்களோடு கலந்து ஆய்வேடுகளைத் திருத்துவதற்கான நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. மொழித் தெளிவும் சீர்மையும் பார்க்கலாம், உள்ளடக்கத்திலும் கட்டமைப்பிலும் கை வைக்கக் கூடாது, திருத்தியவரின் பெயரும் செய்த பணியும் ஆய்வேட்டில் குறிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அதை அப்படியே இங்கு கொண்டுவரச் சொல்லவில்லை. நன்றியுரையில் ஒரு வரி, நெறியாளரிடம் மாற்றத் தடத்தோடு கூடிய ஒரு பிரதி. இவ்விரண்டும் இருந்தால் நெறியாளர் நான் கேட்ட பதினைந்து கேள்விகளையும், மாணவர் அவற்றுக்குத் தந்த விடைகளையும் காண்பார். 24.1-ஐ நான் கண்டேனா, நெறியாளர் கண்டாரா என்பது முக்கியமில்லை. மாணவர் பதிவேட்டைத் திறந்து பார்த்தாரா என்பதே முக்கியம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானது. ஆங்கிலம் வீட்டிலேயே கிடைத்த மாணவருக்கு இச்செலவு இல்லை. மற்றவர் ஏன் பணம் கொடுத்துத் திருத்தி வாங்க வேண்டும்? வேண்டியதில்லை என்பதே என் விடை. மேலே நான் சொன்ன பிழைகளில் ஆங்கிலத்தால் வந்தது ஒன்றே ஒன்று. மற்றவற்றை எண்களை ஒரு தாளில் எழுதி ஒப்பிடும் எவரும் காணலாம். விடுதி அறை நண்பரிடம் அறிக்கையைக் கொடுத்து, அவர் அட்டவணையை வாசிக்க, நீங்கள் சுருக்கவுரையைப் பாருங்கள். பைண்டிங்குக்கு இரண்டு நாள் முன்பு வேண்டாம். ஒரு வாரம் முன்பு செய்யுங்கள், ஆய்வகம் திறந்திருக்கும்போது.

மெய்ப்புப் பார்க்கும் ஆய்வு நண்பர்கள் 'பர்சன்டேஜ்' வேலையை எப்படி மறுக்கிறீர்கள், மறுத்தால் மாணவர் எங்கே செல்கிறார் என்பதைக் கீழே எழுதினால் பயனுறுவேன்.